ஆட்குறைப்புக் கடிதத்தைப் படித்துச் சொல்வது எப்படி: தென்னாப்பிரிக்காவில் தமிழ்த் தொழிலாளிக்கு நோட்டீஸ் சம்பளமும் செவரன்ஸும்

கடிதம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் கைக்கு வரும். அதை எடுத்துக்கொண்டு சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ ஓர் அம்மாவோ அண்ணனோ உங்களிடம் வந்து, “வேலை போச்சா, எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்பார். இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டாம். முதல் கேள்விக்கான பதிலே பல நேரம் “இன்னும் போகவில்லை” என்பதுதான்.

இந்த வழிகாட்டி, எதிரே உட்கார்ந்து படித்துச் சொல்பவருக்காக எழுதியது. நீங்கள் ஷாப் ஸ்டீவர்டாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், கோயில் கமிட்டியில் நாலு எழுத்து படித்தவராக இருக்கலாம். ஏன் நீங்கள் தேவைப்படுகிறீர்கள் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், தொழிலாளிக்கு அது புரியாவிட்டால் அவருக்குப் புரியும் ஓர் ஆட்சிமொழியில் முதலாளி வாயால் விளக்க வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் 37ஆம் பிரிவில் சொல்கிறது. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழி அல்ல. மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் அரசியல் சட்டம் தமிழைப் பெயர் சொல்லிக் குறித்தாலும், எச்.ஆர். அலுவலகம் தமிழில் விளக்கியாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ சொல்லி, அந்த மொழி அந்த அம்மாவுக்குப் புரிந்தால் அவர்கள் வேலை முடிந்தது.

எந்தக் கடிதம் இது?

ஆட்குறைப்பில் இரண்டு கடிதங்கள் உண்டு. இரண்டின் தலைப்பிலும் ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’ என்றும் ‘நோட்டீஸ்’ என்றும் இருக்கும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் கடிதம், ஆட்குறைக்க யோசிக்கிறோம், வாருங்கள் பேசுவோம் என்று அழைப்பது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் 189ஆம் பிரிவு இதைக் கேட்கிறது. இதில் ‘ப்ரப்போஸ்’, ‘கான்டெம்ப்ளேட்’, ‘கன்சல்ட்’ என்ற சொற்கள் வரும். ‘செக்‌ஷன் 189(3)’ என்று தலைப்பிலேயே இருக்கலாம். இந்தக் கடிதம் வந்த நாளில் யாருக்கும் வேலை போகவில்லை, நோட்டீஸ் காலமும் ஓட ஆரம்பிக்கவில்லை.

இரண்டாம் கடிதம்தான் வேலை முடிவைச் சொல்வது. ‘டெர்மினேட்’ என்ற சொல்லும், கடைசி வேலை நாள் என்று ஒரு தேதியும், தரப்போகும் தொகையும் இருக்கும்.

சொல்லும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அம்மா, இது பேச வரச் சொல்கிற கடிதம். உங்களை அனுப்புகிற கடிதம் இன்னும் வரவில்லை. பேச்சு முடியும் வரை வழக்கம்போல வேலைக்குப் போங்கள்.” கடைசி வாக்கியம் முக்கியம். முதல் கடிதத்தையே முடிவு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. பிறகு கம்பெனி, “அவரே வராமல் நின்றுவிட்டார்” என்று எழுதிக்கொள்ளும்.

முதல் கடிதமே வராமல் நேரே இரண்டாவது வந்தால், தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவெடுத்துவிட்டுப் பேசக் கூப்பிடுவதும், பேசவே கூப்பிடாததும் நடைமுறைத் தவறுகள். பிற்பாடு வழக்குக்கு அவை உதவும்.

முதல் கடிதத்தில் என்ன பார்க்க வேண்டும்

அந்தக் கடிதத்தில் பத்து விவரங்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வரிசைப்படுத்துகிறது. தொழிலாளிக்குப் பத்தையும் ஒப்பிக்க வேண்டாம். நான்கைப் பிடித்தால் போதும்: ஏன் ஆட்குறைப்பு, அதைத் தவிர்க்க வேறு என்ன வழி பார்த்தார்கள், யாரை அனுப்புவது என்று எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள், வேலை இழப்புக்கு ஈடாகத் தரும் செவரன்ஸ் தொகை எவ்வளவு என்று முன்மொழிகிறார்கள்.

மூன்றாவது கேள்வியில்தான் தகராறு அதிகம். ‘கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும்’ என்பது பரவலான முறை. அதைச் சொல்லிவிட்டு, பதினோரு வருடம் வேலை செய்தவரை அனுப்பி இரண்டு வருடக்காரரை வைத்துக்கொண்டால் காரணம் கேட்கலாம். ‘குறிப்பிட்ட திறமை வேண்டும்’ என்று பதில் வரும். அந்தத் திறமை என்ன, எந்த மெஷின், யார் சோதித்தார் என்று திரும்பக் கேளுங்கள்.

நான்காவது விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று, செவரன்ஸ் தொகை பேரம் பேசக்கூடியது. சட்டம் சொல்வது குறைந்தபட்சம். பேச்சுக் கட்டம் நடக்கும்போதே வருடத்துக்கு ஒன்றரை வாரம், இரண்டு வாரம் என்று கேட்க இடமுண்டு. இரண்டாம் கடிதம் வந்தபின் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

50 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் பெரிய எண்ணிக்கையில் ஆட்குறைத்தால் 189A என்ற பிரிவு சேர்ந்துகொள்ளும். 200 பேர் வரை உள்ள இடத்தில் அந்த எண்ணிக்கை 10. முந்தைய 12 மாதத்தில் இதே காரணத்துக்காக அனுப்பியவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். இந்தப் பிரிவு பொருந்தினால், நடுவர் ஒருவரை வைத்துப் பேசும் வழியில் முதல் கடிதத்திலிருந்து 60 நாள் கழிவதற்கு முன் இரண்டாம் கடிதம் கொடுக்கக் கூடாது. அதனால்தான் இரண்டு கடிதங்களின் தேதியையும் ஒரே தாளில் எழுதிவைக்கச் சொல்கிறோம்.

நோட்டீஸ்: எத்தனை வாரம், எப்போது தொடங்கும்

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதத்துக்குள் என்றால் ஒரு வாரம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் என்றால் இரண்டு வாரம். ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் நான்கு வாரம். ஒப்பந்தத்தில் இதைவிட அதிகமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும்.

நோட்டீஸ் காலத்தை முதலாளி இரண்டு விதமாக முடிக்கலாம். நான்கு வாரமும் வேலை வாங்கிச் சம்பளம் தருவது ஒன்று. “நாளை முதல் வர வேண்டாம்” என்று சொல்லி, நான்கு வாரத்துக்கு உரிய காசைக் கையில் கொடுத்து அனுப்புவது மற்றொன்று. இரண்டாவதைத்தான் ‘நோட்டீஸ் பே’ என்கிறார்கள். வேலையும் செய்துவிட்டு நோட்டீஸ் பேயும் கிடைக்கும் என்று நினைக்கிறவர்களிடம் அப்படி இல்லை என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் செவரன்ஸ் இந்த இரண்டையும் தாண்டித் தனியாக வருவது. “நோட்டீஸ் காசு கொடுத்துவிட்டோமே, அதில் எல்லாம் அடங்கும்” என்று சொன்னால் அது தவறு.

இன்னொரு விதி டர்பன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு டிசம்பரிலும் மீறப்படுகிறது. ஒருவர் விடுப்பில் இருக்கும்போது நோட்டீஸ் கொடுக்கக் கூடாது. நோட்டீஸ் காலம் ஆண்டு விடுப்போடு சேர்ந்து ஓடவும் கூடாது. டிசம்பர் 1, திங்கட்கிழமை கடிதம் கொடுத்து, மாத முடிவோடு சரி என்கிறார்கள் என்று வையுங்கள். தொழிற்சாலை 15ஆம் தேதி முதல் ஜனவரி 9 வரை ஆண்டு விடுப்புக்கு மூடுகிறது. அப்படியானால் டிசம்பரில் ஓடியது இரண்டு வாரம் மட்டும். மீதி இரண்டு வாரம் ஜனவரி 12 முதல் ஓட வேண்டும், அல்லது காசாகத் தர வேண்டும். கிறிஸ்துமஸ் நேரத்துக் கடிதம் எது வந்தாலும் இந்த ஒன்றை முதலில் பாருங்கள்.

செவரன்ஸ்: ஒரு வருடத்துக்கு ஒரு வாரம்

முழுமையான ஒவ்வொரு வருடச் சேவைக்கும் ஒரு வார ஊதியம். அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பதினைந்து நாள் கணக்கையும் கிராஜுவிட்டியையும் மனதில் வைத்துக் கேட்பார்கள். இந்த நாட்டுச் சட்டத்தில் அந்தக் கணக்கு இல்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்வது நல்லது, இல்லையென்றால் சரியான தொகை வந்தாலும் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

ஒரு வாக்கியத்தில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன: ‘முழுமையான’, ‘சேவை’, ‘ஊதியம்’.

‘முழுமையான’ என்றால் பதினோரு மாதம் மூன்று வாரம் பூஜ்யமாகிவிடும். மாதக் கணக்கில் பிரித்துத் தருகிற கம்பெனிகள் உண்டு, ஆனால் அது அவர்களின் தாராளம். ஒரு வருடம் முடிக்காதவருக்குச் செவரன்ஸ் கிடையாது, நோட்டீஸ் மட்டும் உண்டு.

‘சேவை’ என்பது கம்பெனியின் கணினியில் இருக்கும் சேர்ந்த தேதி மட்டுமல்ல. தொழிற்சாலையை வேறொருவர் வாங்கி, வேலையாட்களோடு சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தால் பழைய முதலாளியிடம் செய்த வருடங்களும் கூடவே வரும். இடையில் வேலை நின்று, ஒரு வருடத்துக்குள் அதே முதலாளி திரும்ப எடுத்திருந்தால் முன் பின் இரண்டையும் கூட்டலாம். முன்பே அந்தப் பழைய காலத்துக்குச் செவரன்ஸ் வாங்கியிருந்தால் அது மறுபடி எண்ணப்படாது. பழைய சம்பளச் சீட்டுகளைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறவர்கள் இங்கே ஜெயிப்பார்கள்.

‘ஊதியம்’தான் கடினமானது. மணிக் கூலியை வார மணிநேரத்தால் பெருக்கிவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஆனால் நோட்டீஸ் பே, செவரன்ஸ், விடுப்புக் காசு மூன்றுக்கும் எதை ஊதியமாகச் சேர்க்க வேண்டும் என்று 2003இல் அமைச்சர் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறார். அதன்படி பிராவிடன்ட் ஃபண்டுக்கும் மெடிக்கல் எய்டுக்கும் முதலாளி கட்டும் பங்கு, இறுதிச் சடங்குக் காப்புக்குக் கட்டும் பங்கு, வீட்டு வாடகைப் படி எல்லாம் கணக்கில் சேரும். வேலைக்கு வந்துபோக ஆகும் பஸ் காசு, கருவிப் படி, முதலாளி தரும் அன்பளிப்பு, பிள்ளைகளின் படிப்புப் படி ஆகியவை சேராது.

எனவே சம்பளச் சீட்டின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ‘எம்ப்ளாயர் கான்ட்ரிப்யூஷன்’ என்று ஒரு பகுதி இருக்கும். கைக்கு வராத காசு என்பதால் தொழிலாளி அதைக் கவனித்திருக்கமாட்டார். அந்த எண்ணை வாரக் கணக்கில் கூலியோடு கூட்ட வேண்டும்.

மாதச் சம்பளம் என்றால் நான்கே கால் என்று தோராயமாகப் போகாமல் நான்கும் மூன்றில் ஒரு பங்கும் கொண்டு வகுக்க வேண்டும், அதாவது 4.333. மாதம் 9,000 ராண்ட் என்றால் வாரத்துக்கு 2,076.92. முப்பதால் வகுத்து ஐந்தால் பெருக்கி 1,500 என்று காட்டுகிற கடிதமும் வருகிறது. அங்கே விடுமுறை நாட்களையும் வேலை நாளாகக் கணக்கிட்டு வகுத்துவிட்டு, பெருக்கும்போது மட்டும் ஐந்து நாளாக்கிவிட்டார்கள்.

வாரத்துக்கு வாரம் சம்பளம் பெரிதாக ஏறி இறங்கினால் கடைசி 13 வாரத்தின் சராசரியை எடுக்க வேண்டும். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கும் இதே வழி. இதில் ஓர் ஆபத்து, ஆட்குறைப்புக்கு முன் பல தொழிற்சாலைகள் சில மாதம் ‘ஷார்ட் டைம்’ ஓட்டும், வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். அந்த 13 வாரத்தைச் சராசரி எடுத்தால் பதினைந்து வருட உழைப்புக்கான செவரன்ஸ் மெலிந்துபோகும். பேச்சுக் கட்டத்திலேயே, முழு வாரக் கூலிதான் அடிப்படை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாங்காமல் விட்டால் பிறகு வாதாட வேண்டிவரும்.

துணி தைக்கும் தொழில், உலோகத் தொழில், மரச்சாமான் தொழில் போன்றவற்றுக்கு, யூனியன்களும் முதலாளிகள் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் ‘பார்கெயினிங் கவுன்சில்’ உண்டு. அவற்றின் ஒப்பந்தத்தில் நோட்டீஸுக்கும் செவரன்ஸுக்கும் வேறு எண்ணிக்கை இருக்கலாம். சம்பளச் சீட்டில் கவுன்சிலுக்கு ஏதாவது பிடித்தம் காட்டினால், மேலே சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் கவுன்சில் அலுவலகத்தில் ஒப்பந்தப் பிரதியைக் கேளுங்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

வெருலம் பக்கம் மசாலா, ஊறுகாய் பொட்டலம் போடும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். கவுன்சில் இல்லாத தொழில். 180 பேர் வேலை செய்கிறார்கள், 14 பேரை அனுப்பப் போகிறார்கள். முதல் கடிதம் 2025 மே 12. பேச்சுவார்த்தை நடந்தது, 60 நாள் தாண்டியது. இரண்டாம் கடிதம் ஜூலை 18, வெள்ளிக்கிழமை. தேதிகளில் குறை இல்லை.

பேக்கிங் வரிசையில் ஓர் அம்மா. சேர்ந்தது 2014 ஆகஸ்ட் 11. மணிக்கு 40 ராண்ட், வாரம் 45 மணி, ஆக வாரக் கூலி 1,800. பிராவிடன்ட் ஃபண்டுக்கு முதலாளி வாரம் 90 ராண்ட் கட்டுகிறார். பஸ் காசு 150 தனியாக. எடுக்காத விடுப்பு 8 நாள். வாரம் ஐந்து நாள் வேலை.

கம்பெனியின் கடிதம் இப்படிச் சொல்கிறது: இன்றோடு வேலை முடிந்தது. நோட்டீஸ் பே 4 வாரம், 7,200. செவரன்ஸ் 10 வருடம், 18,000. விடுப்பு 8 நாள், 2,880. மொத்தம் 28,080.

மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. இப்போது ஊதியத்தைச் சரி செய்வோம். 1,800 கூட்டல் 90, வாரத்துக்கு 1,890. பஸ் காசைச் சேர்க்கவில்லை. நோட்டீஸ் பே 7,560 ஆகிறது. செவரன்ஸ் பத்து வாரத்துக்கு 18,900. விடுப்பு ஒரு நாளுக்கு 378, எட்டு நாளுக்கு 3,024. மொத்தம் 29,484. வித்தியாசம் 1,404 ராண்ட். இது பேரமே அல்ல, கணக்குப் பிழை. அறிவிப்பைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினாலே திருத்திவிடுவார்கள்.

அடுத்தது கொஞ்சம் நுட்பம். ஜூலை 18 அன்று அந்த அம்மாவுக்குப் பத்து வருடமும் பதினோரு மாதமும் ஆகியிருக்கிறது. பதினோராவது வருடம் ஆகஸ்ட் 10 அன்று முடிகிறது. நான்கு வார நோட்டீஸைக் காசாக வாங்காமல் வேலை செய்து கழித்தால் கடைசி நாள் ஆகஸ்ட் 15. அப்போது முழுமையான வருடம் பதினொன்று, செவரன்ஸ் 20,790. காசு கொடுத்து அனுப்பினால் அன்றோடு வேலை முடிந்தது, ஆகவே பத்து வருடம்தான் என்று கம்பெனி வாதிடும். கொடுக்கும் வழியை மாற்றியதாலேயே ஒரு வாரக் காசு போகிறது.

நோட்டீஸைக் காசாகத் தரும் உரிமை முதலாளிக்கு உண்டு என்பதால், இதை மிரட்டலாகக் கேட்க முடியாது. ஆனால் கேட்டுப் பெறலாம்: “நோட்டீஸ் காலம் முழுவதும் வேலைக்கு வரத் தயார். வர வேண்டாம் என்றால் பதினோராவது வருடத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.” முதல் கடிதம் வந்த மே மாதத்திலேயே சேர்ந்த தேதியைப் பார்த்திருந்தால் பேச்சுவார்த்தைக் குறிப்பிலேயே இதை ஏற்றியிருக்கலாம். யார் கடிதத்தோடு வந்தாலும் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி அதனால்தான் சேர்ந்த தேதி.

வேலை செய்து கழித்தால் மொத்தம்: நான்கு வார ஊதியம் 7,560 (இதில் 360 ஃபண்டுக்குப் போகும்), செவரன்ஸ் 20,790, விடுப்பு 3,024. கூட்டினால் 31,374. கம்பெனி முதலில் எழுதியதைவிட 3,294 அதிகம், கிட்டத்தட்ட இரண்டு வாரக் கூலி.

அந்த அம்மாவிடம் காகிதத்தில் கூட்டல் கணக்காகக் காட்டாதீர்கள். நான்கு உறைகள் எடுத்து ஒவ்வொன்றின் மேலும் தொகையை எழுதி மேசையில் வையுங்கள்: நோட்டீஸ், செவரன்ஸ், விடுப்பு, பிராவிடன்ட் ஃபண்டு. நான்காவது உறை கம்பெனியின் காசே அல்ல, ஃபண்டு தருவது, அது அவருடைய சேமிப்பு. “ஃபண்டில் நிறைய வருகிறதே, செவரன்ஸ் எதற்கு” என்று சொல்லி இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற மேனேஜர்கள் உண்டு. உறை தனித்தனியாக இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

வரி

செவரன்ஸுக்கும் நோட்டீஸ் பேக்கும் வரி ஒரே மாதிரி அல்ல. நோட்டீஸ் பேயும் விடுப்புக் காசும் சாதாரணச் சம்பளம்போல. செவரன்ஸுக்குத் தனி அட்டவணை, அதில் வாழ்நாளில் முதல் 5,50,000 ராண்ட் வரை வரி இல்லை. 2023 மார்ச் 1இல் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். ஓய்வுநிதியிலிருந்து மொத்தமாக எடுக்கும் தொகைகளும் இந்த வரம்பைத் தின்னும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தச் சலுகை கிடைக்க, காசு கொடுக்கும் முன் கம்பெனி வரித்துறையிடம் ‘டாக்ஸ் டைரக்டிவ்’ என்ற உத்தரவைக் கேட்டு வாங்க வேண்டும். சோம்பலில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் சம்பளமாகப் போட்டால், அந்த மாதம் பெரிய வருமானம் வந்ததுபோலத் தெரிந்து தேவையில்லாத வரி பிடித்துவிடும். கடைசிச் சம்பளச் சீட்டில் செவரன்ஸ் தனி வரிசையில் இருக்கிறதா, அதற்கு நேரே பிடித்தம் ஏதும் உண்டா என்று பாருங்கள்.

கையெழுத்து

கடிதம் கிடைத்தது என்று கையெழுத்துப் போடுவதில் பயமில்லை. தேதியும், ‘பெற்றுக்கொண்டேன், சம்மதமல்ல’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டிய காகிதங்கள் இரண்டு. ஒன்று, ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’. அதில் கையெழுத்திட்டால் இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று ஆகிவிடலாம். சட்டப்படி தர வேண்டிய செவரன்ஸை வாங்குவதற்கு அந்தக் கையெழுத்து விலையாக இருக்கக் கூடாது. செவரன்ஸ் வாங்கியதால் மற்ற உரிமைகள் போவதில்லை என்று 41ஆம் பிரிவே சொல்கிறது. குறைந்தபட்சத்துக்கு மேல் ஏதாவது தருகிறார்கள் என்றால் மட்டும் அந்தக் காகிதத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது, ராஜினாமா. “உன் பெயர் கெடாமல் இருக்கும், ராஜினாமா என்று எழுதிக்கொடு” என்பார்கள். எழுதினால் செவரன்ஸ் உரிமையும் போகும், வேலையில்லாக் காப்பீட்டிலும் சிக்கல் வரும். தானாக விலகியவருக்கு யூ.ஐ.எஃப். கிடையாது. ‘வாலன்டரி செவரன்ஸ் பேக்கேஜ்’ எடுப்பவர்களும், காரணம் ஆட்குறைப்பு என்று காகிதத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேறு வேலை தருகிறேன் என்று முதலாளி சொல்லி, தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் செவரன்ஸ் போய்விடும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இருபது கிலோமீட்டர் தள்ளி இரவு ஷிப்ட், பஸ் கிடையாது என்பது காரணம். “பிடிக்கவில்லை” என்பது காரணமாகாது.

கடனோ யூனிஃபார்ம் விலையோ கழிக்கிறோம் என்றால், முன்பே எழுதிக் கொடுத்த சம்மதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கொடுக்காவிட்டால்

தொகை குறைவு என்பது ஒரு புகார். ஆட்குறைப்பே நியாயமில்லை என்பது வேறு புகார். இரண்டையும், தொழில் தகராறுகளுக்கான சமரச, நடுவர் ஆணையமான சி.சி.எம்.ஏ.வுக்கோ, கவுன்சில் உள்ள தொழிலானால் கவுன்சிலுக்கோ எடுத்துச் செல்லலாம். கட்டணம் இல்லை.

நியாயமற்ற நீக்கம் என்றால் 30 நாள்தான் கெடு. நோட்டீஸ் கையில் கிடைத்த உடனேயே பதிய அனுமதி உண்டு, கடைசி நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. 30 நாளைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்டு மனுப் போட வேண்டும், அதைத் தள்ளிவிடவும் கூடும். “கடிதம் புரியவில்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை” என்று இரண்டு மாதம் கழித்து வருபவர்களே அதிகம்.

படிவம் 7.11 நிரப்ப வேண்டும். அதன் ஒரு பிரதியை முதலில் முதலாளிக்குக் கொடுத்து, கொடுத்ததற்கான சான்றை இணைத்து, பிறகு சி.சி.எம்.ஏ.வில் பதிய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள், தமிழ் என்று குறியுங்கள். முதலில் சமரசப் பேச்சு. அது முடியாமல் போனால், ஒருவர் மட்டும் அனுப்பப்பட்ட வழக்கையும், பத்துப் பேருக்குக் குறைவான இடத்து வழக்கையும் சி.சி.எம்.ஏ.விலேயே தீர்ப்புக்கு விடலாம். பலர் ஒன்றாக அனுப்பப்பட்டிருந்தால் தொழிலாளர் நீதிமன்றம், அதற்குள் யூனியனோ சட்ட உதவியோ பிடித்துவிட வேண்டும். நீக்கம் நியாயமற்றது என்று தீர்ந்தால் வேலையைத் திரும்பப் பெறலாம், அல்லது 12 மாத ஊதியம் வரை இழப்பீடு கிடைக்கலாம்.

வாசலைத் தாண்டும் முன்

கடைசி நாளில் மூன்று காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். வேலை செய்த காலத்தையும் பொறுப்பையும் சொல்லும் சேவைச் சான்று. தொகைகள் தனித்தனியாகப் பிரித்த கடைசிச் சம்பளச் சீட்டு. யூ.ஐ.எஃப்.புக்கு வேண்டிய யூ.ஐ.-19 படிவம். மூன்றாவதில் வேலை முடிந்த காரணம் என்ற கட்டத்தில் ஆட்குறைப்பு என்று இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ராஜினாமா என்றோ ஒப்பந்தம் முடிந்தது என்றோ தவறாக எழுதியிருந்தால் அப்போதே திருத்தி வாங்குவது ஐந்து நிமிட வேலை. பிறகு என்றால் அதே எச்.ஆர். அலுவலகத்துக்கு நாலு முறை நடக்க வேண்டிவரும், அதுவும் கேட் பாஸ் இல்லாமல்.

செவரன்ஸ் வாங்கியதால் யூ.ஐ.எஃப். குறையாது. வேலை முடிந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், முதல் வாரத்திலேயே போவது நல்லது. பிராவிடன்ட் ஃபண்டை முழுதாக எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பவரிடம், 2024 செப்டம்பர் 1க்குப் பின் கட்டிய காசில் ஒரு பகுதி ஓய்வு பெறும் வரை உள்ளேயே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடனை அடைக்க அந்தத் தொகையை நம்பி அவர் யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கலாம்.